சீராய்வு வினாப்பட்டியலுக்கு வரிசைப்படி பதில் எழுதுவது: இணைப்பு எண்களும் கையொப்பமும் பற்றிய ஐயங்கள்

பவானிக்கரை | 9 நவம்பர் 2025

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கான அவருடைய வருமான வரிக் கணக்கு சீராய்வுக்கு எடுக்கப்பட்டு, கடந்த ஜூன் மாதம் 143(2) பிரிவின்கீழ் அறிவிப்பு வந்தது. இப்போது 142(1) பிரிவின்கீழ் 19 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் வந்திருக்கிறது. நவம்பர் 20க்குள் பதில் தர வேண்டும்.

கடையின் மொத்த விற்பனை 60 லட்சம். அதில் ரொக்க விற்பனை 26 லட்சம், வங்கி வழியாக வந்தது 34 லட்சம். 44ஏடி பிரிவின்படி முறையே 8, 6 சதவீதம் கணக்கிட்டு 4,12,000 ரூபாய் வருமானம் காட்டியிருக்கிறோம். எங்களுக்குக் கவலை தருவது ஏழாவது கேள்விதான். அப்பாவின் சேமிப்புக் கணக்குகளில் அந்த ஆண்டில் 13,30,000 ரூபாய் ரொக்கமாகச் செலுத்தப்பட்டதாகவும், அதற்கான மூலத்தைத் தேதிவாரியாக ஆதாரத்துடன் விளக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். பாஸ்புக்கில் நாங்கள் கூட்டிப் பார்த்தால் அவ்வளவு தொகை வரவில்லை.

இரண்டு ஐயங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே கடிதமாக விளக்கம் எழுதிவிடலாமா, அல்லது எண் போட்டுத் தனித்தனியாக எழுத வேண்டுமா? அறிவிப்பில் ‘உரிய முறையில் உறுதிப்படுத்தப்பட்ட’ தகவல் என்று இருக்கிறது. அப்படியென்றால் யார், எங்கே கையொப்பமிட வேண்டும்?

கடைவீதி | 9 நவம்பர் 2025

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? அப்பா 44ஏடி பிரிவில் கணக்குத் தாக்கல் செய்திருப்பதால் கணக்குப் புத்தகமே வைக்கத் தேவையில்லை. 13,30,000 ரூபாயும் கடை விற்பனைப் பணம் என்று ஒரு வரி எழுதினால் கேள்வி முடிந்தது. நான் அறிந்த வணிகர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நெல்லைவாசி | 9 நவம்பர் 2025

அறிவிப்பு எந்தப் படிவத்தில் வந்தது? ASMT-10 என்றால் ASMT-11 படிவத்தில் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்கள் கடைக்கும் சென்ற ஆண்டு அது வந்தது. உள்ளீட்டு வரி வேறுபாடுதான் காரணம்.

பேரேடு | 10 நவம்பர் 2025

நெல்லைவாசி கூறுவது ஜிஎஸ்டி அறிவிப்பு. இங்கே கேட்கப்படுவது வருமான வரி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைவீதி சொன்னதில் முதல் பாதி சரி. 44ஏடி பிரிவில் உரிய சதவீதத்தைக் காட்டியவர் அந்த வணிகத்துக்குக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கக் கடமைப்பட்டவர் அல்லர். அதை அந்தந்தக் கேள்விக்கான பதிலில் அப்படியே எழுதலாம். ஆனால் சேமிப்புக் கணக்கில் வந்த ரொக்கம் அனைத்தும் கடைப் பணம் என்று எழுதினால், அந்தத் தொகை அறிவித்த 26 லட்சத்துக்கு உள்ளே அடங்க வேண்டும். கடை ரொக்கம் ஏற்கெனவே நடப்புக் கணக்கில் செலுத்தப்பட்டு வந்திருந்தால், இந்த 13,30,000 அதற்கு மேலான விற்பனையாகி, மொத்த விற்பனை 73 லட்சத்தைத் தாண்டும். அப்போது ஜிஎஸ்டி கணக்கில் 60 லட்சம் என்று காட்டியது பொய்யாகும். ஒரு கேள்வியிலிருந்து தப்பிப்பதற்காக எழுதும் வரி இன்னொரு துறைக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஆகிவிடும். அதுவும் உண்மையில்லை என்றால் 277ஆவது பிரிவின்கீழ் வழக்குத் தொடர இடமளிக்கும்.

பவானிக்கரைக்கு: முதலில் தொகை ஏன் பொருந்தவில்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். அப்பாவுக்கு எத்தனை சேமிப்புக் கணக்குகள்? அவற்றில் ஏதாவது வேறொருவருடன் சேர்ந்த கூட்டுக் கணக்கா? நடப்புக் கணக்கில் எவ்வளவு ரொக்கம் செலுத்தப்பட்டது?

பவானிக்கரை | 10 நவம்பர் 2025

நன்றி ஐயா. நடப்புக் கணக்கில் 19,80,000 ரூபாய் செலுத்தியிருக்கிறோம். அது முழுவதும் கடைப் பணம்.

அப்பாவின் பெயரில் மட்டும் உள்ள சேமிப்புக் கணக்கு ஒன்று. அதில் 4.8.2023 அன்று 6,80,000 ரூபாய் செலுத்தினோம். நிலம் ஒன்று வாங்குவதாக இருந்து, 12.5.2023 அன்று அதே கணக்கிலிருந்து 7 லட்சம் எடுத்தோம். விற்பவரின் அண்ணன் தம்பிகளுக்குள் தகராறு வந்ததால் பேச்சு நின்றுபோனது. பணம் வீட்டிலேயே இருந்தது. 20,000 வீட்டுச் செலவுக்குப் போனது, மீதியை மீண்டும் செலுத்தினோம்.

மற்றொன்று, அதே கிளையில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு. அதில் அம்மா முதல் பெயர். அம்மாவின் பெயரில் உள்ள நிலத்து மஞ்சள் விற்ற பணம் 5 லட்சம் அதில் செலுத்தப்பட்டது. இரண்டையும் கூட்டினால் 11,80,000. மீதி 1,50,000 எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை.

பேரேடு | 10 நவம்பர் 2025

இப்போது படம் தெளிவாகிறது. நடப்புக் கணக்கு அல்லாத கணக்குகளில் ஒருவர் ஓர் ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் செலுத்தினால் வங்கி துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டுக் கணக்காக இருந்தால் முழுத் தொகையும் ஒவ்வொருவர் பெயரிலும் ஏற்றப்படும் என்பது 114இ விதி. எனவே அம்மாவின் 5 லட்சம் அப்பாவின் பான் எண்ணிலும் சேர்ந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் அப்பாவின் தொகை 10 லட்சத்தைத் தொட்டே இருக்காது. நடப்புக் கணக்குக்கான வரம்பு 50 லட்சம் என்பதால் 19,80,000 இந்தக் கேள்வியில் வரவில்லை.

1,50,000 ரூபாய்க்கு, இரண்டு கணக்குகளின் அறிக்கையையும் ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை வரி வரியாகப் பாருங்கள். பாஸ்புக் போதாது, வங்கி முத்திரையுடன் கூடிய கணக்கு அறிக்கை வாங்குங்கள். ஒரே நாளில் வரவு வைத்துத் திருப்பப்பட்ட பதிவு ஏதேனும் இருக்கிறதா என்று கவனியுங்கள். காசாளர் தவறான கணக்கில் வரவு வைத்துவிட்டு நீக்கியிருந்தாலும், அறிக்கை அனுப்பும் மென்பொருள் வரவை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

கடைவீதி | 11 நவம்பர் 2025

சரி, கடைப் பணம் என்று எழுத வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த 6,80,000க்கு ‘நில விற்பனையாளருக்கு முன்பணமாகக் கொடுத்தேன், அவர் திருப்பித் தந்தார்’ என்று எழுதினால் இன்னும் நம்பத்தகுந்ததாக இருக்குமே. பணத்தை மூன்று மாதம் வீட்டில் வைத்திருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

பேரேடு | 11 நவம்பர் 2025

அப்படி எழுதவே கூடாது. முதற்காரணம், அது நடக்கவில்லை. இரண்டாவதாக, அசையாச் சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 269எஸ்எஸ் பிரிவும், அப்படித் திருப்பித் தருவதை 269டி பிரிவும் தடுக்கின்றன. இரண்டுக்கும் அபராதம் அந்தத் தொகைக்கு இணையானது. அதாவது, வாங்காத பணத்துக்காக அந்த நிலக்காரரை ஏழு லட்சத்துக்கு மாட்டிவிடுவீர்கள். அவரை விசாரித்தால் அவர் மறுப்பார். அதன்பின் உங்கள் மற்றப் பதில்களையும் எவரும் நம்பமாட்டார்கள்.

நடந்ததை எழுதுங்கள். எடுத்த தேதிக்கும் செலுத்திய தேதிக்கும் இடையே மூன்று மாதங்கூட ஆகவில்லை. இடையில் அந்தப் பணம் வேறெதற்கும் செலவானதாகக் காட்ட எதுவும் இல்லையென்றால், எடுத்த தொகையிலிருந்தே செலுத்தியது என்ற விளக்கம் வலுவானது. நிலம் பார்த்ததற்கான வில்லங்கச் சான்று, பத்திர எழுத்தரிடம் கொடுத்த வரைவு என ஏதாவது இருந்தால் இணையுங்கள். வங்கியில் செலுத்திய சீட்டின் அடிக்கட்டை இருந்தால் அதையும் வையுங்கள். 2023 மே 19ஆம் தேதி 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த பருவம் அது. செலுத்தியவை 500 ரூபாய் நோட்டுகள் என்று சீட்டில் இருந்தால், யாருக்கோ 2000 நோட்டை மாற்றிக் கொடுத்தீர்களோ என்ற சந்தேகம் எழாது.

குவைத்தம்பி | 11 நவம்பர் 2025

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அண்ணனுக்கும் இதுபோன்ற வினாப்பட்டியல் வந்திருக்கிறது. அவர் வெளிநாட்டில் இருக்கிறார், நான் ஊரில் இருக்கிறேன். அவர் பெயருக்கு எதிரே நான் ‘அவருக்காக’ என்று கையொப்பமிட்டால் போதுமா?

மாங்கனி நகர் ஆடிட்டர் | 12 நவம்பர் 2025

குவைத்தம்பிக்கு: போதாது. தனிநபரின் கணக்கில் அவரே கையொப்பமிட வேண்டும். அவர் நாட்டில் இல்லாதபோது அவரிடமிருந்து செல்லத்தக்க அதிகாரப் பத்திரம் பெற்றவர் கையொப்பமிடலாம்; அந்தப் பத்திரத்தையும் இணைக்க வேண்டும். அண்ணன் அச்சிட்டுக் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து அனுப்ப முடியுமென்றால் அதுவே எளிது.

பவானிக்கரைக்கு: எண் போட்டுத்தான் எழுத வேண்டும். முகமற்ற மதிப்பீட்டில் உங்கள் பதிலைப் படிப்பவர் எந்த மாநிலத்திலும் இருக்கலாம். நேரில் சென்று விளக்க வழியில்லை. அவர் ஆணை எழுதும்போது தம் கேள்வி எண்ணை வைத்துத்தான் உங்கள் பதிலைத் தேடுவார். எனவே ஒவ்வொரு கேள்வியையும் அவர் எழுதிய சொற்களிலேயே மேலே எடுத்தெழுதி, கீழே பதிலையும், பதிலின் முடிவில் இணைப்பு எண்ணையும் பக்க எண்ணையும் தாருங்கள். பொருந்தாத கேள்வியை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுச் சொத்து பற்றிக் கேட்டிருந்தால், ‘எனக்கு வெளிநாட்டில் சொத்தோ கணக்கோ இல்லை, எனவே இக்கேள்வி எழவில்லை’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் ‘பதில் தரவில்லை’ என்று ஆணையில் வந்துவிடும்.

இணைப்பு எண்ணைக் கேள்வி எண்ணோடு பொருத்துவதே என் வழக்கம். ஏழாம் கேள்விக்கு இணைப்பு 7-அ, 7-ஆ என்று போகும். இணைப்பே இல்லாத கேள்விக்கு அந்த எண் வராது, அவ்வளவுதான். தொடர் எண் போட்டால், கடைசி நேரத்தில் ஓர் ஆவணம் சேரும்போது எல்லா எண்களும் மாறிவிடும்.

தமிழில் உள்ள சிட்டா, அடங்கல், விற்பனைச் சீட்டு ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சுருக்கம் ஒரு பக்கம் எழுதி, அப்பாவின் கையொப்பத்துடன் அதன் மேல் வையுங்கள். பதிலையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.

பவானிக்கரை | 13 நவம்பர் 2025

1,50,000 கிடைத்துவிட்டது. அப்பாவின் சேமிப்புக் கணக்கில் 9.1.2024 அன்று வரவு வைத்து அன்றே திருப்பப்பட்டிருக்கிறது. நாங்கள் வங்கிக்கே போகாத நாள் அது. கிளை மேலாளரிடம் கடிதம் கேட்டிருக்கிறோம், வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்.

ஏழாம் கேள்விக்கு நான் எழுதிய வரைவைத் தமிழில் கீழே தருகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

‘வினாவில் குறிப்பிட்ட 13,30,000 ரூபாயில், (1) 6,80,000 ரூபாய் 4.8.2023 அன்று என் சேமிப்புக் கணக்கில் செலுத்தப்பட்டது. இது அதே கணக்கிலிருந்து 12.5.2023 அன்று நிலம் வாங்கும் நோக்கில் எடுக்கப்பட்டு, பேச்சு முறிந்ததால் என்னிடமே இருந்த 7,00,000 ரூபாயின் பகுதியாகும். மீதி 20,000 ரூபாய் குடும்பச் செலவுக்குப் பயன்பட்டது. (2) 5,00,000 ரூபாய் என் மனைவி முதற்பெயராக உள்ள கூட்டுக் கணக்கில் செலுத்தப்பட்டது. இது அவருடைய பணம். எனக்கு இதில் உரிமையில்லை. (3) 1,50,000 ரூபாய் 9.1.2024 அன்று வங்கியால் தவறாக வரவு வைக்கப்பட்டு அன்றே திருப்பப்பட்டது. நான் இத்தொகையைச் செலுத்தவில்லை. தேதிவாரி அட்டவணை இணைப்பு 7-அ. வங்கி அறிக்கைகள் 7-ஆ, 7-இ. மனைவியின் உறுதிமொழிக் கடிதமும் நில, விற்பனை ஆவணங்களும் 7-ஈ. வங்கியின் கடிதம் 7-உ.’

மாங்கனி நகர் ஆடிட்டர் | 13 நவம்பர் 2025

நன்றாக இருக்கிறது. அட்டவணையின் கூட்டுத்தொகை 13,30,000 என்று அவர்களுடைய எண்ணிலேயே முடியட்டும். 11,80,000இல் முடித்துவிட்டு வேறுபாட்டை வேறு எங்கோ விளக்காதீர்கள்.

வங்கிக் கடிதத்துக்காக முழுப் பதிலையும் தாமதிக்க வேண்டாம். தளத்தில் e-Proceedings பகுதியில் Partial Response என்று தேர்ந்தெடுத்தால் கிடைத்தவற்றை இப்போதே தரலாம். ஒரு முறை பத்துக் கோப்புகள் வரைதான் ஏற்கும், அதற்கு மேற்பட்டாலும் இதே வழிதான். 7-உ பின்னர் தரப்படும் என்று பதிலில் எழுதிவிடுங்கள். Full Response கொடுத்துவிட்டால் மீண்டும் சேர்ப்பது சிரமம்.

விரல்ரேகை | 13 நவம்பர் 2025

கையொப்பம் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று புரியவில்லை. தளத்தில் தன் கணக்கில் நுழைந்து பதிவேற்றினாலே அது உறுதிப்படுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று விதியே இருக்கிறது. நான் கையொப்பமில்லாத பிடிஎஃப் கோப்பைத்தான் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறேன். யாரும் கேட்டதில்லை.

பேரேடு | 14 நவம்பர் 2025

நீங்கள் சொல்வது 14சி விதி. பதிவு செய்த கணக்கில் நுழைந்து அனுப்பும் மின்பதிவு, மின் சரிபார்ப்புக் குறியீட்டால் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்கிறது அது. அனுப்பியவர் யார் என்ற கேள்விக்கு அது விடை. உள்ளே எழுதியது உண்மை என்று சொல்பவர் யார் என்பது வேறு கேள்வி. 142(1) பிரிவு எழுத்துவழித் தகவலை விதித்த முறையில் உறுதிப்படுத்தச் சொல்கிறது. அதன் வாசகத்தை 14ஆம் விதி தருகிறது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை, அறிக்கையில் தரப்பட்ட தகவல் சரியானது, முழுமையானது என்றும், அதில் காட்டப்பட்ட பிற விவரங்கள் உண்மையாகக் கூறப்பட்டுள்ளன என்றும் உறுதி கூறுகிறேன்.’ இதைப் பதிலின் கடைசிப் பக்கத்தில் இட்டு, இடம், தேதி, முழுப் பெயர் எழுதி, அப்பா கையொப்பமிட வேண்டும். எத்தனை பக்கம், எந்தெந்த இணைப்பு என்பதை அந்த வாசகத்துக்கு மேலே குறித்துவிட்டால், பின்னால் ஒரு தாள் செருகப்பட்டது என்ற பேச்சு வராது. இணைப்புகளின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘உண்மை நகல்’ என்றெழுதிச் சுருக்கொப்பமிட்டால் போதும்.

மாங்கனி நகர் ஆடிட்டர் | 14 நவம்பர் 2025

நடைமுறையில் விரல்ரேகை சொல்வதுபோல் கையொப்பமில்லாத பதில்களும் ஏற்கப்பட்டிருக்கின்றன, அதை மறுக்கவில்லை. என் கட்சிக்காரர்களின் பதிலை நானே என் பெயரில் கையொப்பமிட்டு அனுப்புவதும் உண்டு, அதிகாரக் கடிதம் இருக்கிறது என்பதால். ஆனாலும் உண்மை விவரங்களுக்கான அந்த உறுதிமொழியைக் கட்சிக்காரரிடமே வாங்கி வைக்கிறேன். வீட்டில் ஏழு லட்சம் இருந்தது என்று நான் எப்படி உறுதி கூற முடியும்?

விரல்ரேகை | 14 நவம்பர் 2025

14சி விதி வந்தபின் 14ஆம் விதி வாசகம் தனியாகத் தேவையில்லை என்பதே என் வாசிப்பு. இட்டால் தவறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பேரேடு | 15 நவம்பர் 2025

அந்த அளவில் விட்டுவிடுவோம். ஒரு பக்கத் தாளைச் சேமிப்பதற்காக வாதாட வேண்டிய விஷயம் அல்ல இது.

பவானிக்கரை, மஞ்சள் விற்ற சீட்டுகள் 5 லட்சத்துக்கும் இருக்கின்றனவா?

பவானிக்கரை | 15 நவம்பர் 2025

இல்லை ஐயா. 3,20,000 ரூபாய்க்குத்தான் மண்டிச் சீட்டுகள் இருக்கின்றன. மீதி 1,80,000க்கு வந்து வாங்கிய வியாபாரி சீட்டு எதுவும் தரவில்லை. அவரிடம் இப்போது ஒரு சீட்டு எழுதி வாங்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

பேரேடு | 15 நவம்பர் 2025

பழைய தேதியிட்டு வாங்கவே வேண்டாம். அவர் விருப்பப்பட்டால் இன்றைய தேதியிட்டு, இந்தப் பருவத்தில் இவ்வளவு மஞ்சள் வாங்கினேன் என்று கடிதம் தரட்டும். இல்லையெனில் அடங்கலில் உள்ள சாகுபடிப் பரப்பையும் விளைச்சலையும் வைத்து அம்மா தம் கடிதத்தில் விளக்கட்டும். அம்மாவுக்குப் பான் எண் இருந்தால் கடிதத்தில் குறிக்க வேண்டும். சீட்டு இருப்பது 3,20,000க்கு மட்டும் என்பதை அட்டவணையில் மறைக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள்.

மாங்கனி நகர் ஆடிட்டர் | 15 நவம்பர் 2025

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தனி வரியாகக் காட்டினால் அந்த 1,80,000ஐ அவர்களே கோடிட்டுக் கொடுத்தது போலாகும். விளக்கப்படாத பணம் என்று 69ஏ பிரிவில் சேர்த்தால் உபரி வரியும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 78 சதவீதம், அதாவது 1,40,400 ரூபாய். அம்மாவின் பணம் என்பதே முதல் வாதம். அதை நிறுவினால் அப்பாவின் கணக்கில் அந்தத் தொகையைத் தொடவே முடியாது. சீட்டுகளின் தொகையைப் பற்றிய பேச்சு அம்மாவிடம் கேட்கும்போது எழட்டும்.

பேரேடு | 16 நவம்பர் 2025

முதல் வாதம் அதுதான், மறுப்பில்லை. ஆனால் 7-ஈயில் உள்ள சீட்டுகளைக் கூட்டிப் பார்க்க அலுவலருக்கு ஐந்து நிமிடம் போதும். நாமே சொன்ன குறையும் அவர் கண்டுபிடித்த குறையும் ஆணையில் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை.

பவானிக்கரை | 19 நவம்பர் 2025

நேற்று பதிலைப் பதிவேற்றிவிட்டோம். பேரேடு ஐயா சொன்னபடி 1,80,000ஐத் தனி வரியாகக் காட்டி, வியாபாரி எழுதிய நாளின் தேதியிட்டுத் தந்த கடிதத்தையும் சேர்த்தோம். 14ஆம் விதி வாசகத்தின் கீழ் அப்பாவே கையொப்பமிட்டார். ஒப்புகை எண் வந்திருக்கிறது, பிடிஎஃப் நகலையும் எடுத்து வைத்திருக்கிறோம். வங்கிக் கடிதம் இன்னும் வரவில்லை. நாளை கடைசி நாள் என்பதால் அதற்கு மட்டும் ஒத்திவைப்புக் கேட்டிருக்கிறேன்.

மாங்கனி நகர் ஆடிட்டர் | 19 நவம்பர் 2025

ஒத்திவைப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடிதம் வந்த அன்றே 7-உ என்று எண்ணிட்டுப் பதிவேற்றுங்கள். இந்த மதிப்பீட்டை 2026 மார்ச் 31க்குள் முடிக்க வேண்டியிருப்பதால், தொகையைச் சேர்க்க நினைத்தால் அதற்கு முன் காரணம் கேட்கும் அறிவிப்பு வரும். அப்போது காணொளி வழி விசாரணை கேட்கும் உரிமை உண்டு. 1,80,000 பற்றி என்ன வருகிறது என்பதை இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.